பின்பக்கத் தாங்குசுவர் வரைபடத்தில் இல்லை. அமைவுச் சான்றிதழுக்கு எப்படிக் கையொப்பமிடுவது?

மலையோரம்:
எல்லோருக்கும் வணக்கம். டிக்கோயாவுக்கும் நோர்வூட்டுக்கும் இடையில் 12 பேர்ச் காணியில் இரண்டு மாடி வீடு கட்டியிருக்கிறோம். 2023 ஜூனில் பிரதேச சபை அனுமதிப்பத்திரம் தந்தது. ஒரு வருடம் முடிந்ததும் இன்னொரு வருடம் நீடித்துக்கொண்டோம். 2025 ஏப்ரலில் பூச்சு வேலையெல்லாம் முடிந்துவிட்டது. அப்போதே அமைவுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். மகளின் பரீட்சை, அது இது என்று தள்ளிப்போட்டது என் பிழை.

அதற்குள் நவம்பரில் டித்வா புயல் வந்தது. வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பின்பக்கம் வெட்டியிருந்த சரிவில் ஒரு பகுதி இறங்கி, குசினிச் சுவருக்கு நான்கு அடி தூரம் வரை வந்து நின்றது. பயத்தில் ஜனவரியில் பாஸ் ஒருவரைப் பிடித்து, ஒன்பது அடி உயரத்துக்கு ஒரு கருங்கல் சுவர் கட்டினோம். அதற்கு வரைபடமும் இல்லை, அனுமதியும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கழிவுநீர் ஊறுகுழி வரைபடத்தில் வீட்டின் இடப்பக்கம் இருக்கிறது. தோண்டியபோது பாறை வந்ததால் கீழ் எல்லைப் பக்கம் மாற்றிவிட்டோம்.

இப்போது வங்கி சான்றிதழைக் கேட்கிறது. சபையில் படிவம் வாங்கி வந்தேன். "அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்துக்கும் அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகளுக்கும் அமையக் கட்டடம் பூர்த்தி செய்யப்பட்டுள்ளதென உறுதியளிக்கிறேன்" என்ற வரிக்குக் கீழே நான் கையொப்பமிட வேண்டும். பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன். என்ன செய்யலாம்?

மாத்தளை ஜெயா:
இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? தேசிய அடையாள அட்டையையும் மின்சாரப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு கிராம உத்தியோகத்தரிடம் போங்கள். அவர் எழுதித் தருவார், பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்கினால் முடிந்தது. நான் போன மாதம்தான் மகனின் பாடசாலைக்கு எடுத்தேன்.

கம்பளை கட்டுமானம்:
ஜெயா அக்கா, நீங்கள் சொல்வது வதிவிடச் சான்றிதழ். அது ஆள் அங்கே வசிக்கிறார் என்பதற்கு. இவர் கேட்பது அந்தக் கட்டடத்தில் ஆள் வசிக்கலாமா என்பதற்கு.

மலையோரம், நீங்கள் வீணாகப் பயப்படுகிறீர்கள். இருபது வருடமாக வீடு கட்டுகிறேன். தொழினுட்ப உத்தியோகத்தர் வந்து பார்ப்பது வீட்டின் நீள அகலம், எல்லையில் விட்ட இடைவெளி, படிக்கட்டு, ஜன்னல், மழைநீர்க் குழி. பின்சுவர் எல்லைச் சுவர் மாதிரித்தானே, அது கட்டடமே இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை 2023இல் எடுத்திருப்பீர்கள், அதையே இணைத்துவிடுங்கள். ஒரு தடவை வாங்கினால் போதும். சுவரைப் பற்றி வாய் திறக்க வேண்டாம். கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற டி.ஓ.:
கம்பளைத் தம்பி சொன்னதில் பாதி சரி. உத்தியோகத்தர் முதலில் பார்ப்பது அவர் சொன்னவற்றைத்தான். நானும் 27 வருடம் அதைத்தான் பார்த்தேன். ஆனால் மலைநாட்டில் நாங்கள் வீட்டுக்கு முன்னால் நின்று வீட்டைப் பார்ப்பதற்கு முன்பு, பின்னால் போய் மண்ணைப் பார்ப்போம். 2014இல் மீரியபெத்தை மண்சரிவுக்குப் பிறகு அது பழக்கமாகிவிட்டது. டித்வாவுக்குப் பிறகு எவரும் பின்பக்கம் போகாமல் கையொப்பமிடுவார் என்று நான் நம்பவில்லை. புதிய கருங்கல் சுவர் ஒன்பது அடிக்கு நிற்கும். அதை எந்தக் கொடியால் மூடப்போகிறீர்கள்?

அடுத்தது அறிக்கை. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டட அனுமதிக்கு முன்பு அந்த நிறுவனத்தின் அறிக்கை கட்டாயம், நுவரெலியா அதில் ஒன்று. அந்த அறிக்கை ஒரு குறிப்பிட்ட சரிவைப் பார்த்து எழுதப்பட்டது. மலையோரம் தம்பியின் வீட்டுக்குப் பின்னால் இருந்த அந்தச் சரிவு நவம்பரில் இறங்கிவிட்டது. 2023 அறிக்கை, இப்போது இல்லாத ஒரு மலையைப் பற்றிப் பேசுகிறது. அதை மட்டும் இணைத்து "நிபந்தனைகளுக்கு அமைய" என்று கையொப்பமிட்டால் அந்த வரி பொய்யாகிவிடும்.

தம்பி, அறிக்கையில் இருக்கும் நிபந்தனைகளை இங்கே எழுத முடியுமா? அனுமதிப்பத்திரத்தின் பின்பக்கத்தையும் பாருங்கள். பலர் முன்பக்கத்தை மட்டும் சட்டம் போட்டு மாட்டிவைப்பார்கள்.

மலையோரம்:
ஐயா, உண்மையில் பின்பக்கத்தை இன்றுதான் படித்தேன். அறிக்கையில் எங்களுக்குப் பொருந்துபவை நான்கு. வெட்டிய சரிவின் உச்சிக்கு மேலே கொங்கிரீட் கான் கட்டி மழைநீரைத் திருப்ப வேண்டும். கூரை நீர் குழாய் வழியாகப் பொதுக் கானுக்குப் போக வேண்டும், மண்ணில் விழக்கூடாது. வெட்டு உயரத்தை மேலும் கூட்டக்கூடாது, தாங்குசுவர் கட்டுவதானால் பொறியியலாளரின் வடிவமைப்பின்படி கட்ட வேண்டும். கழிவுநீரைச் சரிவின் விளிம்புக்கு அருகில் மண்ணுக்குள் விடக்கூடாது.

முதல் இரண்டையும் செய்திருக்கிறோம். மேல் கானில் ஒரு பகுதி மண்ணோடு போய்விட்டது, அதைத் திரும்பக் கட்ட வேண்டும். மூன்றாவதும் நான்காவதும்தான்…

ஓய்வுபெற்ற டி.ஓ.:
உங்கள் சுவரும் குழியும் இரண்டு தனிப் பிரச்சினைகள் என்று நினைத்திருப்பீர்கள். இரண்டும் தண்ணீர் பிரச்சினைதான். சுவருக்குப் பின்னால் தண்ணீர் தங்கினால் அது மண்ணோடு சேர்ந்து சுவரைத் தள்ளும். கீழ் எல்லையில் தண்ணீர் ஊறினால் பக்கத்துக் காணியின் வெட்டுச் சரிவு நனைந்து இளகும். குழி விளிம்பிலிருந்து எத்தனை அடி? கீழே யார் இருக்கிறார்கள்?

மலையோரம்:
விளிம்பிலிருந்து ஐந்து அடி. அதற்குக் கீழே எட்டு அடி இறக்கம், அடியில் ஒரு குடும்பம். அவர்கள் எடுப்பது பீலித் தண்ணீர்.

ஓய்வுபெற்ற டி.ஓ.:
பீலி என்றால் பொது சுகாதாரப் பரிசோதகரும் வருவார், விடமாட்டார். குழியை மாற்றியே ஆக வேண்டும். பாறை வந்த இடத்திலேயே, ஆழத்தைக் குறைத்து நீளமாகத் தோண்டுவது ஒரு வழி. எந்த இடமாக இருந்தாலும் முதலில் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் ஊறுகிறது என்று பாருங்கள். பாறைக்கு மேலே இரண்டடி மண்தான் இருக்கிறது என்றால் அங்கே குழி வேலை செய்யாது, பக்கவாட்டில் கசிந்து வெளியே வரும்.

லிந்துலை ஆசிரியை:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்களுக்குத் தோட்டத்தில் வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு, ஏழு பேர்ச். உறுதி இன்னும் கைக்கு வரவில்லை. பக்கத்தில் ஓர் அறையும் ஒரு கழிவறையும் நாங்களே சேர்த்துக் கட்டினோம். அதற்கும் இந்தச் சான்றிதழ் எடுக்க வேண்டுமா? கேட்டால் சபை தோட்டத்துக்கு அனுப்புகிறது, தோட்டம் சபைக்கு அனுப்புகிறது.

ஓய்வுபெற்ற டி.ஓ.:
டீச்சர், அமைவு என்பது அனுமதித்ததற்கு அமைவு. சேர்த்துக் கட்டிய பகுதிக்கு அனுமதிப்பத்திரமே இல்லை என்றால், அது எதற்கு அமைவானது என்று சான்றிதழ் கொடுப்பது? முதலில் அனுமதி, அதற்குப் பிறகு இது. அனுமதி கேட்க காணியில் உங்களுக்குள்ள உரிமையைக் காட்ட வேண்டும், அல்லது உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும். அங்கேதான் உங்களை இரு பக்கமும் பந்தாடுகிறார்கள். வீட்டுத்திட்டத்தை நடத்தியவர்களிடம் மூல வரைபடத்தின் பிரதியையும் காணி ஒப்படைத்த கடிதத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதற்கு மேல் என்னிடம் நல்ல பதில் இல்லை.

கண்டிப் பொறியியலாளர்:
சுவரைப் பற்றிச் சொல்கிறேன். இப்போது வாரத்துக்கு மூன்று பேராவது இதே கேள்வியோடு வருகிறார்கள்: "சுவர் கட்டிவிட்டோம், ஒரு கடிதம் மட்டும் தாருங்கள்." விண்ணப்பத்தோடு போகும் பொறியியலாளர் சான்றிதழில் நான் எழுதுவது, அமைப்பு பாதுகாப்பானது என்று. அத்திவாரம் மண்ணுக்குள் இருக்கிறது. நான் பார்க்காததற்கு நான் கையொப்பமிட முடியாது. பலர் கோபித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். வேறு யாராவது கையொப்பமிட்டும் விடுகிறார்கள்.

ஆனால் வழியே இல்லை என்பதில்லை. சுவரின் ஓர் ஓரத்தில் மூன்றடி அகலத்துக்கு ஒரு பார்வைக் குழி தோண்டச் சொல்வேன். மழையில்லாத நாளில், ஓரத்தில் மட்டும். நடுவில் தோண்டவே கூடாது. அங்கே சுவர் எவ்வளவு ஆழத்தில் தொடங்குகிறது, அடியில் எவ்வளவு அகலம், நிற்பது பாறையிலா கடினமண்ணிலா அல்லது சரிந்து வந்த மண்ணிலா என்று பார்க்கலாம். தன் எடையால் மட்டும் மண்ணைத் தாங்கும் கல்சுவருக்கு, அடி அகலம் உயரத்தில் ஏறத்தாழப் பாதியிலிருந்து பத்தில் ஏழு பங்கு வரை இருக்க வேண்டும். ஒன்பது அடிச் சுவர் என்றால் நாலரை முதல் ஆறேகால் அடி. பாஸ்மார் வழக்கமாக இரண்டரை அடியில் தொடங்கி ஒன்றரை அடியில் முடிப்பார்கள். அது எல்லைச் சுவருக்குப் போதும்.

தோண்டுவதற்கு முன்பே வேறோர் அறிகுறியையும் பார்க்கலாம். சுவரில் நீர் வெளியேறும் துளைகள் இருக்கின்றனவா? நல்ல மழை பெய்த அன்று போய்ப் பாருங்கள். தெளிந்த நீர் சொட்டினால் நல்லது. கலங்கிய நீர் வந்தால் பின்னால் சரளைப் படை இல்லை, மண் துளை வழியாகக் கரைந்து போகிறது என்று அர்த்தம். துளை காய்ந்திருக்க, கற்களின் இடுக்குகள் மட்டும் வியர்த்தது போல் ஈரமாக இருந்தால் அதுதான் மோசம். தண்ணீர் பின்னால் அடைபட்டு நிற்கிறது.

கம்பளை கட்டுமானம்:
துளையில் இரண்டு அங்குலக் குழாய் வைத்து, பின்னால் சரளையும் வலையும் போட்டுத்தான் நான் கட்டுவேன். எல்லா பாஸையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். எல்லைச் சுவர் மாதிரி என்று நான் சொன்னது தவறாக இருக்கலாம், உயரத்தை நான் கவனிக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி. பொறியியலாளர் மாட்டேன் என்றால் மக்கள் என்ன செய்வது? இடித்துவிடுவதா? இடித்தால் மண் குசினிக்குள் வரும்.

கண்டிப் பொறியியலாளர்:
இடிக்கச் சொல்லவில்லை. அடி அகலம் போதாவிட்டால் சுவரின் சுமையைக் குறைக்கலாம். பின்னாலுள்ள மண்ணைப் படியாக வெட்டி, சுவர் தாங்கும் உயரத்தை ஐந்தடியாக்கி, மீதியை மேலே சாய்வாக விட்டுப் புல் நடலாம். மேலே இடம் இருந்தால் இதுதான் மலிவு. இடமில்லை என்றால் முன்பக்கம் கொங்கிரீட் முட்டுகள். அதற்கு வரைபடம் போட்டு, கட்டும்போது வந்து பார்த்து, அதற்குப் பிறகு சான்றிதழ் தரலாம். ஆனால் படி வெட்டுவதும் வெட்டுதான். கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்குச் சொல்லாமல் கையை வைக்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற டி.ஓ.:
இப்போது காகித வேலைக்கு வருவோம். இணைப்புகள் சபைக்குச் சபை கொஞ்சம் மாறும், உங்கள் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் இருப்பதுதான் சட்டம். வழக்கமாக அனுமதிப்பத்திரமும் அதன் நீடிப்பும், முத்திரையிட்ட வரைபடத்தின் பிரதி, உறுதியும் நில அளவைப் படமும், இந்த வருட மதிப்பீட்டு வரிப் பற்றுச்சீட்டு, வரைபடம் தயாரித்தவர் அல்லது மேற்பார்வை செய்தவரின் சான்று, அமைப்புக்குப் பொறியியலாளர் சான்று, கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை. கட்டணத்தைக் கருமபீடத்தில் கேளுங்கள்.

உங்கள் விடயத்தில் நான் செய்யும் ஒழுங்கு இது. முதலில் மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம்: நவம்பரில் சரிந்தது, சுவர் கட்டினோம், மீண்டும் பார்த்து அறிக்கை தாருங்கள். பிறகு படவரைஞரிடம் கட்டியவாறான வரைபடம் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். சுவரும் புதிய ஊறுகுழியும் அதில் இருக்க வேண்டும். அதைத் திருத்திய வரைபடமாகச் சபைக்குக் கொடுத்து, பிந்திய அனுமதி கேளுங்கள். அலுவலகத்தில் கவரிங் அப்ரூவல் என்பார்கள், கூடுதல் கட்டணம் வரும். அது கைக்கு வந்த பிறகு அமைவு விண்ணப்பம். வீடு அனுமதிக் காலத்துக்குள் முடிந்தது என்பதைக் காட்ட, ஏப்ரல் மாதத்துப் பற்றுச்சீட்டுகள், திகதியோடு புகைப்படங்கள் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். காலத்துக்கு வெளியே கட்டியது சுவர் மட்டும்தான் என்று பிரித்துக் காட்டினால் வேலை சுலபம்.

கையொப்ப வரியை அடிக்கவோ திருத்தவோ வேண்டாம், படிவத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதோடு ஒரு கடிதம் வையுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"2023 ஜூன் மாத அனுமதிப்பத்திரத்தின்படி வீடு 2025 ஏப்ரலில் பூர்த்தி செய்யப்பட்டது. மூல வரைபடத்திலிருந்து இரண்டு மாற்றங்கள் உள்ளன. ஒன்று, 2025 நவம்பர் மண்சரிவுக்குப் பின் கட்டப்பட்ட பின்பக்கத் தாங்குசுவர். மற்றது, கழிவுநீர் ஊறுகுழியின் இடம். இவ்விரண்டும் இணைக்கப்பட்டுள்ள திருத்திய வரைபடத்தில் காட்டப்பட்டுள்ளன. எனது உறுதிமொழி இத்திருத்திய வரைபடத்துக்கு அமைவானது. மண்சரிவு அறிக்கையின் ஒவ்வொரு நிபந்தனையும் நிறைவேற்றப்பட்ட விதம் புகைப்படங்களுடன் தனித்தாளில் உள்ளது."

அந்தத் தனித்தாளில் நிபந்தனையின் இலக்கம், செய்தது, படம். "எல்லா நிபந்தனைகளும் நிறைவேற்றப்பட்டன" என்று ஒரே வரியில் எழுதாதீர்கள். அந்த வரியைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

பண்டாரவளை எழுதுவினைஞர்:
ஐயாவின் ஒழுங்கில் ஒரு சின்ன மாற்றம். நான் வேலை செய்த சபையில் திருத்திய வரைபடத்தையும் அமைவு விண்ணப்பத்தையும் ஒன்றாக எடுத்து, திட்டமிடல் குழுவுக்கு ஒரே கோப்பாகப் போடுவோம். இரண்டு தடவை அலைய வேண்டியதில்லை.

ஓய்வுபெற்ற டி.ஓ.:
வெளி அளவு மாறாத வீட்டுக்கு அது நடக்கும். தாங்குசுவரை ஒரு தனி நிர்மாணமாக எடுத்து, தனி அனுமதி கேட்கும் சபைகளையும் பார்த்திருக்கிறேன். மலையோரம் தம்பி, தொழினுட்ப உத்தியோகத்தரிடம் முதலிலேயே கேட்டு, அவர் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள்.

மலையோரம்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். மழை நாளில் சுவரைப் பார்த்தேன். பாஸ் நான்கு துளைதான் வைத்திருக்கிறார். இரண்டில் தேநீர் நிறத்தில் தண்ணீர் வந்தது, இரண்டு காய்ந்திருந்தன. பொறியியலாளர் ஒருவர் வந்து ஓரத்தில் தோண்டச் சொன்னார். அடி அகலம் மூன்றடி. ஒரு பக்கம் பாறையில் நிற்கிறது, மறுபக்கம் சரிந்த மண்ணில். படியாக வெட்டலாம் என்றார், ஆனால் புதிய அறிக்கை வரும் வரை மண்ணைத் தொட மாட்டேன் என்றுவிட்டார். மாவட்ட அலுவலகத்தில் கடிதத்தை ஏற்றுக்கொண்டார்கள், வரிசை நீளம் என்றார்கள். ஊறுகுழியைப் பாறைக்கு மேற்பக்கமாக நீளமாகத் தோண்டியிருக்கிறோம். தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், ஊறுகிறது. உத்தியோகத்தர் ஒரே கோப்பாகத் தரலாம் என்று வாயால் சொன்னார், எழுத்தில் தரவில்லை.

வங்கிக்கு நிலைமையை எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்னொரு கேள்வி. மாமியார் இந்த மாதமே பால் காய்ச்ச வேண்டும் என்று நிற்கிறார். காய்ச்சிவிட்டுக் குடிபோகலாமா?

மாத்தளை ஜெயா:
பால் காய்ச்சுவதற்குச் சபையிடம் அனுமதி வேண்டுமா என்ன! நல்ல நாள் பார்த்துக் காய்ச்சுங்கள்.

ஓய்வுபெற்ற டி.ஓ.:
பால் காய்ச்சுவதற்கு வேண்டாம், ஜெயா. குடிபோவதற்கு வேண்டும். 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்திலேயே சான்றிதழுக்கு முன் கட்டடத்தில் ஆள் இருக்கக்கூடாது என்று இருக்கிறது. காவலாளர் ஒருவருக்கு மட்டும் விலக்கு. நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் 1978இல் வந்தது, அதன்கீழ் அபிவிருத்திப் பிரதேசமாக அறிவிக்கப்பட்ட இடங்களிலும் அனுமதிக்குப் பிறகு அமைவுச் சான்றிதழ்தான். "காவலாளர் என் மாமியார்" என்று எழுதிக் கொடுத்த ஒருவரை எனக்குத் தெரியும். கோப்பில் அது இன்னும் இருக்கும்.

தம்பி, உங்கள் வீட்டில் சட்டத்தைவிட அந்தக் காய்ந்த இரண்டு துளைகளைத்தான் நான் பார்ப்பேன். குசினியும் பின்பக்க அறையும் அந்தச் சுவருக்கு நேரே இருக்கின்றன. அறிக்கை வரும் வரை இரவில் யாரும் அங்கே தூங்க வேண்டாம். மேல் கானின் உடைந்த பகுதியை அதுவரை தகரத்தை வைத்தாவது திருப்பிவிடுங்கள்.

மலையோரம்:
சரி ஐயா. தகரம் நாளைக்கே போடுகிறேன். மாமியாரிடம் காவலாளர் கதையைச் சொல்லவில்லை, சொன்னால் இன்றைக்கே பாயோடு போய்விடுவார்.